தெரிந்த மேனேஜருக்கு எதற்கு ரெஸ்யூமே?

சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் உள்ள ஐ.டி. நிறுவனங்களில் ‘ஐ.ஜே.பி.’ வந்திருக்கிறது என்றால் கேன்டீன் முழுக்க அதே பேச்சுதான். நிறுவனத்துக்குள்ளேயே காலியாகும் இடங்களை முதலில் தன் ஊழியர்களுக்கு அறிவித்து விண்ணப்பம் கேட்கும் முறை அது. அறிவித்தது தெரிந்த குழு, அதன் மேனேஜரும் தெரிந்தவர் என்றால் பலரும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள். “அவருக்குத்தான் என் வேலை தெரியுமே, ரெஸ்யூமே வெறும் ஃபார்மாலிட்டி” என்று, மூன்று வருடத்துக்கு முன் எழுதியதில் தேதியை மட்டும் மாற்றி ஏற்றிவிடுகிறார்கள்.

அந்தத் தாள் போகும் வழியைப் பார்த்தால் இந்த முடிவு எவ்வளவு தவறு என்பது புரியும். பெரிய நிறுவனங்களில் விண்ணப்பத்தை முதலில் பார்ப்பவர் எச்.ஆர். பிரிவில் இருப்பவர். அறிவிப்பில் கேட்ட தகுதி தாளில் இருக்கிறதா, இப்போதைய இடத்தில் குறைந்தபட்சக் காலம் முடிந்திருக்கிறதா என்று அவர் சரிபார்ப்பார். அடுத்து நேர்காணல் குழு. அதில் வேறு பிரிவிலிருந்து வரும் ஒருவரும் இருக்கலாம். கடைசியில் ஒப்புதல் தர வேண்டியவர் மேனேஜருக்கும் மேலே இருப்பவர். இவர்களில் உங்களைத் தெரிந்தவர் ஒரே ஒருவர். “ஏன் இவரையே எடுக்கிறீர்கள்?” என்று மற்றவர்கள் கேட்டால், அவர் கையில் எடுத்துக் காட்டவும் இந்தத் தாள்தான் வேண்டும்.

இன்னொரு காரணம் அந்த மேனேஜரின் மனதிலேயே இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழ் இருந்தவர்களின் உடல்திறன், அறிவு, தலைமைப் பண்பு, குணம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே கொடுத்த மதிப்பெண்களை அவர் ஆராய்ந்தார். எல்லா மதிப்பெண்களும் சந்தேகப்படும் அளவுக்கு ஒன்றையொன்று ஒட்டியே இருந்தன. ஒருவரைப் பற்றி மனதில் விழுந்த மொத்த எண்ணம், தனித்தனித் திறமைகளைப் பார்க்க விடாமல் செய்திருந்தது. தெரிந்த மேனேஜரிடமும் இதுதான் நடக்கிறது. அவருக்கு உங்களைத் தெரியும், ஆனால் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருந்த உங்களைத்தான் தெரியும்.

ஒரு மாதிரியை வைத்துப் பார்ப்போம். ஒரு வங்கியின் மென்பொருளைப் பராமரிக்கும் சப்போர்ட் குழுவில் 4 வருடமாக இருக்கும் பெண் பொறியாளர் என்று வைத்துக்கொள்வோம். இரவில் ஓடும் பேட்ச் ஜாப் நின்றுபோனால் போனை எடுப்பவர் அவர். பக்கத்திலிருக்கும் டேட்டா இன்ஜினியரிங் குழுவில் இடம் காலியாகிறது. அந்த மேனேஜருக்கு இவரை நன்றாகத் தெரியும். இரவு 2 மணி அழைப்புகளில் எத்தனையோ முறை பேசியிருக்கிறார்கள். ‘பதற்றப்படாத நல்ல சப்போர்ட் ஆள்’ என்பது அவர் மனதில் இருக்கும் படம். அவருக்கு வேண்டியதோ எஸ்.க்யூ.எல்., பைத்தான் எழுதி, தரவு ஓடும் பாதைகளைக் கட்டத் தெரிந்தவர்.

இவருடைய பழைய ரெஸ்யூமே, “சவாலான பணியை நாடுகிறேன்” என்ற வரியில் தொடங்குகிறது. அடுத்து “பேட்ச் ஜாப்களைக் கண்காணித்தல், டிக்கெட்டுகளைத் தீர்த்தல்” என்று வேலையின் வர்ணனை. முடிவில் தந்தை பெயர், பிறந்த தேதி, ‘மேற்கண்டவை உண்மை என உறுதியளிக்கிறேன்’ என்ற வாசகம். புதிய தாளில் இவை எதற்கும் இடமில்லை. தனி விவரங்கள் எல்லாம் நிறுவனத்தின் பதிவேட்டிலேயே இருக்கின்றன. மேலே அறிவிப்பின் எண், கேட்கும் பதவி, இப்போதைய பதவி ஆகியவை மட்டும் போதும். பதவியின் பெயரை எச்.ஆர். பதிவில் உள்ளபடியே எழுத வேண்டும். செய்யும் வேலை வேறாக இருந்தால் அதைப் பக்கத்தில் தனியாகச் சொல்லலாம்.

அடுத்து வரவேண்டியது, மேனேஜர் பார்த்திராத வேலை. இவர் கண்காணித்த ஜாப்களில் ஒன்று தினமும் தாமதமாக முடிந்துகொண்டிருந்தது. வினவலைப் பிரித்துப் பார்த்தவர், ஒரு பெரிய அட்டவணையை அது ஒவ்வொரு முறையும் முழுதாகப் படிப்பதைக் கண்டார். அன்றைய தேதிக்குரிய வரிசைகளை மட்டும் எடுக்கும்படி மாற்றி எழுதினார். 95 நிமிடம் ஓடிய ஜாப் 35 நிமிடத்தில் முடிந்தது. அன்று மேனேஜர் கண்ணில் பட்டது, காலை அறிக்கை நேரத்துக்கு வந்தது மட்டும்தான். ஆகவே “பேட்ச் ஜாப்களைக் கண்காணித்தேன்” என்ற வரி இப்படி மாறுகிறது: “தாமதமான இரவு ஜாப்பின் எஸ்.க்யூ.எல். வினவலைத் திருத்தி எழுதி, ஓடும் நேரத்தை 95 நிமிடத்திலிருந்து 35 நிமிடமாகக் குறைத்தேன்.” கூடவே மாற்றத்துக்கான டிக்கெட் எண். வெளி நிறுவனத்துக்கு அனுப்பும் ரெஸ்யூமேயில் இந்த எண்ணால் பயன் இல்லை. உள்ளே இருப்பவரோ சொடுக்கிப் பார்த்துவிடலாம்.

அவருக்கு ஏற்கெனவே தெரிந்த இரவு நேரப் பொறுப்பை விட்டுவிடக் கூடாது. ஒரே வரியில் சொன்னால் போதும். அவருக்கு அது தெரிந்த கதை, குழுவில் மற்றவர்களுக்குப் புதுச் செய்தி.

சொடுக்கிப் பார்க்கலாம் என்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. வங்கியின் தரவைப் புதிய அமைப்புக்கு மாற்றியபோது இவர் செய்தது, இரு பக்கத் தொகைகளும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்த வேலை. “தரவு மாற்றத்தை முன்னின்று நடத்தினேன்” என்று எழுதினால், அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்திருந்த மேனேஜர் அங்கேயே படிப்பதை நிறுத்திவிடுவார். மிகைப்படுத்திய ஒரு வரி மற்ற எல்லா வரிகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். குழுவாகச் செய்ததைக் குழு என்றும், அதில் தன் பங்கு இது என்றும் எழுதுவதே இங்கே வலு. எல்லோருக்கும் தெரிந்த ஒரு சறுக்கல் இருந்தால் அதைத் தாளில் விளக்க வேண்டியதில்லை. அதன்பின் கொண்டுவந்த சரிபார்ப்பு முறை இப்போதும் நடைமுறையில் இருந்தால், அதை ஒரு சாதனையாகவே எழுதலாம்.

தெரிந்தவர் என்பதற்காக ஆளை எடுப்பது நிறுவனத்துக்கும் நல்லதல்ல என்பதற்கு ஆய்வு இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜே.ஆர். கெல்லர், அமெரிக்காவின் ஒரு பெரிய நிறுவனத்தில் நடந்த உள்மாற்றங்களை ஆராய்ந்து 2018இல் முடிவுகளை வெளியிட்டார். மேனேஜர் தனக்குத் தெரிந்தவரை நேரடியாக அமர்த்திக்கொண்ட இடங்களைவிட, அறிவிப்பு கொடுத்து விண்ணப்பம் வாங்கி எடுத்த இடங்களில் வந்தவர்கள் சிறப்பாக வேலை செய்தார்கள். அவர்களுக்குச் சம்பளமும் கூடுதலாகக் கிடைத்தது. திறந்த போட்டியில் நின்று, தாளில் தகுதியைக் காட்டுவது ஊழியருக்கும் ஆதாயம்தான்.

எழுதி முடித்த ஒற்றைப் பக்கத்தை வேறு பிரிவில் இருக்கும் ஒரு நண்பரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் குழுவுக்குள் மட்டும் புழங்கும் சுருக்கெழுத்துகளில் அவர் தடுக்கினால் எச்.ஆரும் அங்கேதான் தடுக்குவார். அவற்றை விரித்து எழுதுங்கள். வாடிக்கையாளர் பெயரை வெளியில் சொல்லக் கூடாது என்ற ஒப்பந்தம் இருந்தால், நிறுவனத்துக்குள் சுற்றும் தாளிலும் ‘ஒரு தனியார் வங்கி’ என்றே இருக்கட்டும்.

‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்துமுன் இப்போதைய மேனேஜரிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பல நிறுவனங்களில் விண்ணப்பம் பதிவானதுமே அவருக்கு மின்னஞ்சல் போய்விடும். உங்களை விடுவிக்கும் தேதியை முடிவு செய்பவரும் பெரும்பாலும் அவரேதான்.