சிவப்புக் காலனி, நடுவுல கறுப்புப் புள்ளி... பார்த்ததும் 'சால்மோனெல்லா'ன்னு எழுதிடலாமா?

மைக்ரோபயாலஜி பிராக்டிகல் எக்ஸாம். மேஜை மேல ஸ்பாட்டரா ஒரு பெட்ரி டிஷ். சிவப்பு நிற அகார். அதில் சில காலனிகள் மஞ்சளாகவும், சில காலனிகள் நடுவுல கறுப்புப் புள்ளியோடு சிவப்பாகவும் இருக்கின்றன. 'மஞ்சள்னா ஈ.கோலை, கறுப்புப் புள்ளின்னா சால்மோனெல்லா' என்று மனப்பாடம் செய்ததை எழுதிவிட்டு நிமிர்கிறீர்கள். எக்ஸ்டர்னல் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: "ஏன் கறுப்பா இருக்கு?"

அங்கேதான் பலரும் மாட்டிக்கொள்வார்கள். ஆனால், இந்த ஒரு 'ஏன்'-க்கு பதில் தெரிந்தால் அந்த பிளேட்டை மனப்பாடமே இல்லாமல் படித்துவிடலாம்.

இது மார்க் விஷயம் மட்டும் இல்லை. 2022 மே மாதம் கேரளாவின் காசர்கோட்டில் ஷவர்மா சாப்பிட்டுப் பலர் பாதிக்கப்பட்டு, ஒரு மாணவி இறந்தது நினைவிருக்கலாம். அப்போது எடுத்த உணவு மாதிரிகளில் சால்மோனெல்லா, ஷிகெல்லா என்ற இரண்டு கிருமிகளின் பெயர் வெளியே வந்தது. உங்கள் மேஜையில் இருக்கும் எக்ஸ்.எல்.டி அகார், இந்த இரண்டையுமே தேடப் பயன்படும் மீடியா. 1965-ல் அமெரிக்க மைக்ரோபயாலஜிஸ்ட் வெல்டன் டெய்லர் இதை வெளியிட்டபோது முதலில் குறி வைத்தது ஷிகெல்லாவைத்தான்.

வாசல்ல ஒரு காவல், உள்ளே ஒரு சோதனை

கோழி இறைச்சியில் ஆயிரம் வகை பாக்டீரியா இருக்கும். எல்லாமே வளர்ந்தால் நமக்கு வேண்டியது கூட்டத்தில் காணாமல் போய்விடும். அதனால் எக்ஸ்.எல்.டி-யில் பித்த உப்பான சோடியம் டீஆக்ஸிகோலேட் சேர்க்கிறார்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் மாதிரியான கிராம் பாசிட்டிவ் கிருமிகளை இது தடுத்துவிடும். குடலிலேயே வாழ்ந்து பழகிய கிருமிகளுக்குப் பித்தம் புதுசில்லை, அவை வளரும். இதுதான் 'செலக்டிவ்' வேலை.

உள்ளே வந்தவர்களில் யார் யார் என்று பிரிப்பது 'டிஃபரன்ஷியல்' வேலை. அதற்கு ஃபீனால் ரெட் என்ற சாயம் இருக்கிறது. அமிலம் வந்தால் மஞ்சளாகும், காரம் வந்தால் சிவப்பாகும். அதாவது, நீங்கள் பார்க்கும் நிறம் கிருமியின் நிறம் இல்லை. அது எதைச் சாப்பிட்டு எதை வெளியேற்றியது என்பதன் அடையாளம்.

அந்தக் கறுப்புப் புள்ளியின் கதை

பிளேட்டில் மூன்று சர்க்கரைகள் இருக்கின்றன. சைலோஸ் கொஞ்சம், ஒரு லிட்டருக்கு நான்கு கிராமுக்கும் குறைவு. லாக்டோஸும் சுக்ரோஸும் தலா 7.5 கிராம். கூடவே லைசின் என்ற அமினோ அமிலமும் உண்டு.

சால்மோனெல்லா முதலில் சைலோஸைச் சாப்பிட்டு அமிலம் விடும். அப்படியே நின்றால் அதுவும் மஞ்சளாகத்தான் இருக்கும். ஆனால், சைலோஸ் சீக்கிரம் தீர்ந்துவிடும். லாக்டோஸ், சுக்ரோஸ் இரண்டும் பெரும்பாலான சால்மோனெல்லாவுக்குச் செரிக்காது. எனவே, அது லைசின் பக்கம் திரும்பும். லைசினை உடைத்தால் வருவது காரம். மஞ்சள் மறுபடியும் சிவப்பாகிறது.

ஈ.கோலையில் பலவும் லைசினை உடைக்கக்கூடியவைதான். ஆனால், அதற்கு லாக்டோஸ் நிறைய கிடைக்கிறதே! அமிலம் கொட்டிக்கொண்டே இருப்பதால் மஞ்சளிலேயே நின்றுவிடும். ஷிகெல்லா பெரும்பாலும் சைலோஸைத் தொடவே தொடாது, அதனால் ஆரம்பத்திலிருந்தே சிவப்பு.

சரி, கறுப்பு? மீடியாவில் இருக்கும் தயோசல்ஃபேட்டிலிருந்து சால்மோனெல்லா ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்கும். அழுகின முட்டை நாற்றம் அடிக்குமே, அதே வாயு. அது மீடியாவில் உள்ள இரும்பு உப்போடு சேர்ந்தால் கறுப்பு நிற இரும்பு சல்ஃபைடு. ஷிகெல்லா இந்த வாயுவை உண்டாக்காது என்பதால் அதற்குப் புள்ளி கிடையாது. எக்ஸ்டர்னலுக்குச் சொல்ல வேண்டிய பதில் இவ்வளவுதான்.

எங்கே ஏமாந்துபோவோம்?

முதல் விஷயம் நேரம். 37 டிகிரி செல்சியஸில் 18 முதல் 24 மணி நேரத்துக்குள் பிளேட்டைப் பார்த்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை ஸ்ட்ரீக் செய்து இன்குபேட்டரில் வைத்து, திங்கட்கிழமை திறந்தால் கதையே மாறியிருக்கும். சர்க்கரை தீர்ந்ததும் மஞ்சள் காலனிகள் அமினோ அமிலங்களைச் சாப்பிட்டுக் காரம் விட ஆரம்பிக்கும். நேற்றைய மஞ்சள் இன்று சிவப்பு!

இரண்டாவது, எந்த இடத்தைப் பார்க்கிறீர்கள் என்பது. ஸ்ட்ரீக்கின் தொடக்கத்தில் காலனிகள் நெருக்கியடித்து இருக்கும். பக்கத்து ஈ.கோலை விடும் அமிலம் சால்மோனெல்லாவின் அடியிலும் பரவி, அதன் சிவப்பையும் கறுப்பையும் மறைத்துவிடும். தனித்தனியாக விழுந்த காலனிகளை மட்டும் படியுங்கள்.

மூன்றாவது, ஒரே மாதிரி தெரியும் ஆட்கள். மஞ்சள் காலனியில் கறுப்புப் புள்ளி இருந்தால் சிட்ரோபாக்டராகவோ புரோட்டியஸாகவோ இருக்கலாம். புள்ளி இல்லாத சிவப்பு என்றால் ஷிகெல்லாவாகத்தான் இருக்கணும்னு இல்லை. சூடோமோனாஸும் அப்படி வரும், ஆக்ஸிடேஸ் டெஸ்ட் செய்தால் பாசிட்டிவ் காட்டிப் பிடிபட்டுவிடும். பாராடைஃபி ஏ மாதிரி சில சால்மோனெல்லாக்கள் கறுப்புப் புள்ளியே இல்லாமலும் வளரும். புள்ளி இல்லை என்பதாலேயே 'சால்மோனெல்லா இல்லை' என்று சொல்லிவிட முடியாது.

25 கிராம் கோழியில் ஆரம்பித்து...

முழுசா ஒரு மாதிரியை எடுத்துப் பார்ப்போம். 25 கிராம் கோழி இறைச்சியை 225 மில்லி பஃபர்டு பெப்டோன் வாட்டரில் போட்டு ஒரு இரவு முழுக்க 37 டிகிரியில் வைக்கிறோம். குளிரிலும் உப்பிலும் அடிபட்டுக் கிடக்கும் கிருமி தேறி வர இந்த அவகாசம் தேவை. இதைத் தாண்டி நேரடியாக எக்ஸ்.எல்.டி-யில் தேய்த்தால், பலவீனமாக இருக்கும் சால்மோனெல்லாவைப் பித்த உப்பே முடித்துவிடும். அடுத்து, அதில் 0.1 மில்லி எடுத்து 10 மில்லி ராப்பபோர்ட் திரவத்தில் விட்டு 41.5 டிகிரியில் ஒரு நாள். மற்ற கிருமிகள் ஒடுங்கி, சால்மோனெல்லாவின் எண்ணிக்கை கூடும். பிறகுதான் எக்ஸ்.எல்.டி பிளேட்.

மறுநாள் கறுப்புப் புள்ளியோடு ஒரு சிவப்புக் காலனி கிடைத்தது என்று வையுங்கள். அதை அப்படியே டெஸ்ட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. செலக்டிவ் மீடியா தடுத்த கிருமிகள் எல்லாமே செத்துப்போனதில்லை. வளராமல், கண்ணுக்குத் தெரியாமல் அந்தக் காலனியைச் சுற்றியே கிடக்கலாம். அதனால் முதலில் நியூட்ரியன்ட் அகாரில் தேய்த்துச் சுத்தமான காலனி எடுக்க வேண்டும். அதிலிருந்து டி.எஸ்.ஐ டியூபில் போட்டால் சரிவு சிவப்பாகவும், அடிப்பகுதி மஞ்சளும் கறுப்புமாகவும் வர வேண்டும். யூரியேஸ் நெகட்டிவாக இருக்க வேண்டும். புரோட்டியஸ் இந்த இடத்தில் யூரியேஸ் பாசிட்டிவ் காட்டி வெளியேறிவிடும். கடைசியாக, ஆன்டிசீரத்தோடு ஸ்லைடில் கலந்தால் திரிய வேண்டும். அப்போதுதான் ரிப்போர்ட்டில் 'சால்மோனெல்லா' என்று எழுதலாம்.

ஆக, எக்ஸாமில் பிளேட்டை மட்டும் பார்த்து எழுத வேண்டிய பதில் இது: 'எக்ஸ்.எல்.டி அகார். சிவப்புக் காலனி, கறுப்பு மையம். சைலோஸ் தீர்ந்தபின் லைசின் உடைந்திருக்கிறது, ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகியிருக்கிறது. சால்மோனெல்லாவாக இருக்கலாம், உயிர்வேதிச் சோதனையிலும் சீரம் சோதனையிலும் உறுதி செய்ய வேண்டும்.'

அந்த 'இருக்கலாம்' ஒரு வார்த்தையை விட்டுவிடாதீர்கள். எக்ஸாமில் அது போனால் மார்க்தான் போகும். நாளைக்கு நீங்கள் உணவுப் பரிசோதனைக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது அது விட்டுப்போனால், தப்பே செய்யாத ஒரு கடைக்குப் பூட்டு விழலாம். மூன்று நாள் பழைய பிளேட்டை நம்பினால், தப்பு செய்த கடை நாளைக்கும் திறந்திருக்கலாம்.