பதினொன்று என்ற மதிப்பெண்ணுக்கு என்ன பொருள்?

பிரசவமாகி ஆறு வாரமான ஒரு தாய் பத்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். கூட்டிப் பார்த்தால் 11 வருகிறது. அவருக்கு மனச்சோர்வு இருக்கலாம் என்று மருத்துவரிடம் அனுப்ப வேண்டுமா, வேண்டாமா?

அந்தக் கேள்விகள் எடின்பரோ பிரசவகால மனச்சோர்வு அளவுகோலைச் சேர்ந்தவை. ஸ்காட்லாந்தில் ஜான் காக்ஸும் அவருடைய இரு சக ஆய்வாளர்களும் 1987-ல் இதை வெளியிட்டார்கள். மனச்சோர்வைக் கண்டறிய அந்த மூல ஆய்வு தேர்ந்துகொண்ட எல்லை 13. வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் தமிழ் வடிவத்தைச் சோதித்து 2005-ல் வெளியிட்ட ஆய்விலோ, 9-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும் என்று தெரியவந்தது. முதல் கணக்கில் 11 வாங்கிய தாய் வீட்டுக்குப் போகலாம். இரண்டாவது கணக்கில் அவரை மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

ஆகவே, ‘எடின்பரோ அளவுகோலைப் பயன்படுத்தினோம்’ என்று மட்டும் எழுதும் ஓர் ஆய்வறிக்கை நமக்கு ஒன்றும் சொல்வதில்லை. எந்த மொழி வடிவம், எந்த எல்லை, யார் வாசித்துக் கேட்டார்கள் என்பதெல்லாம் தெரிந்தால்தான் அந்த எண்ணுக்கு உயிர் வரும். இவற்றைச் சொல்வதற்கென்றே ஒவ்வொரு கணக்கெடுப்பு ஆய்விலும் ‘ஆய்வுக் கருவி’ என்றொரு பகுதி இருக்கிறது.

அதில் முதலில் வரவேண்டியது கருவியின் உடற்கூறு. எடின்பரோ அளவுகோலில் பத்துக் கூற்றுகள். எல்லாமே கடந்த ஏழு நாட்களைப் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்கள், 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 30-க்குள் வரும். எண் கூடக்கூடச் சோர்வு அதிகம். இதில் ஒரு கண்ணி உண்டு. 1, 2, 4 ஆகிய கூற்றுகளில் முதல் பதிலுக்கு 0. மற்ற ஏழிலும் முதல் பதிலுக்கு 3. கணினியில் ஏற்றும்போது இதைத் திருப்ப மறந்தால், சோர்ந்திருப்பவருக்குக் குறைந்த மதிப்பெண்ணும் தெளிவாக இருப்பவருக்கு அதிக மதிப்பெண்ணும் விழும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு கூற்றின் மதிப்பெண்ணும் மற்றவற்றின் கூட்டுத்தொகையோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஏதாவது ஒன்று எதிர்த்திசையில் போனால் அது திருப்பப்படாமல் கிடக்கிறது என்று சந்தேகிக்கலாம். அதனால்தான் எந்தெந்தக் கூற்றுகளைத் திருப்பிக் கணக்கிட்டோம் என்பதை அறிக்கையில் எழுத வேண்டும்.

அடுத்தது மொழிபெயர்ப்பு. இங்கே பெரும்பாலான ஆய்வேடுகள் ஒரே வரியோடு நின்றுவிடுகின்றன: தமிழாக்கம் செய்யப்பட்டது, மீள்மொழிபெயர்ப்பால் சரிபார்க்கப்பட்டது. மீள்மொழிபெயர்ப்பு என்பது தமிழானதை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்து, மீண்டும் ஆங்கிலமாக்கி, இரண்டு ஆங்கிலத்தையும் ஒப்பிடுவது. ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்த முறை உலகெங்கும் பரவியது.

அது நன்றாகப் பிடிக்கும் பிழைகள் உண்டு. சிரிக்க முடிகிறதா என்று கேட்கும் முதல் கூற்றை எடுத்துக்கொள்வோம். அதன் நடு இரண்டு பதில்களில் ஒன்று ‘இப்போது அவ்வளவாக இல்லை’ என்கிறது. மற்றது ‘இப்போது நிச்சயமாகக் குறைந்துவிட்டது’ என்கிறது. இரண்டையும் ‘முன்போல இல்லை’ என்ற தொனியிலேயே தமிழாக்கினால், திரும்பி வரும் ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். நான்கு படியில் ஒரு படி காணாமல் போனது உடனே தெரியும்.

ஏழாவது கூற்றிலும் அப்படித்தான். தூக்கம் வரவில்லையா என்று மட்டும் அது கேட்கவில்லை. மனவருத்தம் மிகுந்து அதனால் தூக்கம் கெட்டதா என்று கேட்கிறது. கைக்குழந்தை உள்ள வீட்டில் யார்தான் தூங்குகிறார்கள்? ‘மனவருத்தத்தால்’ என்பதை விட்டுவிட்டால், தெம்பாக இருக்கும் தாயும் ‘ஆமாம்’ என்பார். விடுபட்ட அந்தச் சொல் மீள்மொழிபெயர்ப்பில் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் ஆறாவது கூற்றில் இதே முறை நம்மை ஏமாற்றக்கூடும். ஆங்கிலத்தில் அது ஒரு மரபுத்தொடர். சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘காரியங்கள் என் மேல் ஏறிக்கொண்டு வருகின்றன’ என்று வரும். ஆங்கிலத்தில் தேர்ந்த ஒருவர் இதைப் படித்தவுடன் பின்னால் இருக்கும் மரபுத்தொடரை ஊகித்து, மூலத்தை அப்படியே எழுதிவிடுவார். ஒப்பிட்டால் அச்சு அசலாகப் பொருந்தும். ஆனால் அந்த வாக்கியத்தைக் கேட்கும் தாய் விழிப்பார். ‘வேலைகளைச் சமாளிக்க முடியாமல் திணறுகிறேன்’ என்று எழுதினால் அவருக்குச் சட்டென்று புரியும். திரும்பி வரும் ஆங்கிலமோ மூலத்தோடு பொருந்தாது. எது சரி என்பதற்கு விடை அந்தக் கூற்றின் பதில்களிலேயே இருக்கிறது. நான்குமே சமாளிக்க முடிகிறதா, இல்லையா என்பதைத்தான் பேசுகின்றன. ஆக, பொருந்தாததுதான் இங்கே நல்ல தமிழாக்கம். மோசமான மொழிபெயர்ப்பிலிருந்தும் மூலத்தை மீட்டெடுக்கும் திறமை மீள்மொழிபெயர்ப்பாளருக்கு உண்டு என்பதை பிரிஸ்லினே அந்தக் கட்டுரையில் எச்சரித்திருக்கிறார்.

இந்த ஓட்டையை அடைப்பது முன்சோதனை. ஆய்வு நடக்கப்போகும் இடத்தைச் சேர்ந்த சில தாய்மார்களிடம் ஒவ்வொரு கூற்றையும் வாசித்து, ‘இதிலே உங்களை என்ன கேக்கறாங்கம்மா? உங்க வார்த்தையில சொல்லுங்க’ என்று கேட்க வேண்டும். ஆங்கிலமே தெரியாத அவர்கள்தான் தமிழ் வாக்கியத்துக்கு உண்மையான நீதிபதிகள்.

இவ்வளவையும் எழுதப் பல பக்கங்கள் தேவையில்லை. ஒரு மாதிரி:

‘பத்துக் கூற்றுகள் கொண்ட எடின்பரோ அளவுகோலைப் பயன்படுத்தினோம். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் தனித்தனியே மொழிபெயர்த்தனர். இரண்டையும் ஒப்பிட்டு ஒரே வடிவமாக்கினோம். மூலத்தை அறியாத ஒருவர் அதை ஆங்கிலமாக்கினார். வேறுபாடுகளை மனநல மருத்துவர், கிராமச் செவிலியர், மொழிபெயர்ப்பாளர்கள் சேர்ந்த குழு ஆராய்ந்தது. ஆறாவது கூற்றில் மரபுத்தொடரை விட்டுப் பொருளை மட்டும் கொண்டோம். ஏழாவதில் மனவருத்தமே காரணம் என்பது தெளிவாகும்படி திருத்தினோம். தாய்மார்களிடம் முன்சோதனை செய்து மேலும் மாற்றினோம். 3, 5 முதல் 10 வரையுள்ள கூற்றுகளைத் திருப்பிக் கணக்கிட்டோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு, குடும்பத்தார் அருகில் இல்லாத இடத்தில், பெண் பணியாளர் வாசித்துக் காட்டினார். பத்தாவது கூற்றுக்கு 0 தவிர வேறு பதில் சொன்னவரை அன்றே மருத்துவரிடம் அனுப்பினோம்.’

கடைசி இரண்டு வாக்கியங்களும் சம்பிரதாயம் அல்ல. மூலக் கருவியைத் தாய் தானே நிரப்புவார். பிறர் வாசித்துக் காட்டும்போது, அதுவும் மாமியார் பக்கத்தில் இருக்கும்போது, பதில் மாறும். பத்தாவது கூற்றோ தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. அதற்கு ‘ஆமாம்’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு தாளை மடித்துவைக்க எந்த ஆய்வாளருக்கும் உரிமை இல்லை.

கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் குரோன்பாக் ஆல்பாவையும் தருவது வழக்கம். மூல ஆய்வில் அது 0.87. அந்த எண்ணைக் கடன் வாங்கி எழுதுவது பயன்படாது. அது ஸ்காட்லாந்துத் தாய்மார்களின் ஆங்கிலப் பதில்களிலிருந்து வந்தது. நம் தாய்மார்களின் பதில்களில் எவ்வளவு வந்தது என்பதைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். புதிதாகத் தமிழாக்கியிருந்தால் வேலூரின் 9 என்ற எல்லையும் தானாகப் பொருந்திவிடாது. அது அவர்கள் சோதித்த தமிழ் வாக்கியங்களுக்கும், அவர்கள் சந்தித்த பெண்களுக்கும் உரியது. வாக்கியம் மாறினால், மருத்துவ நேர்காணலோடு ஒப்பிட்டு எல்லையை மறுபடியும் சோதிக்க வேண்டும். அதுவரை 11 வாங்கிய தாயை ஒரு மருத்துவர் பார்த்துவிடுவதே நியாயம்.