சத்தம் கேட்கிறது, சொல் கேட்கவில்லை

காது மந்தமானவர்களோடு பேச நம் எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்றுதான்: குரலை உயர்த்துவது. போனில் கத்துவோம், டிவி சத்தத்தைக் கூட்டுவோம், கூட்டத்தில் 'கொஞ்சம் சத்தமாப் பேசுங்கப்பா' என்போம். அப்புறமும் அவர் 'என்ன?' என்று கேட்டால், காது இன்னும் மோசமாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடுவோம். டீயைக் குடித்துக்கொண்டே இந்த ஒரு இடத்தில் கொஞ்சம் நிற்போம். போன், டிவி, கூட்டம் மூன்றையும் சமாளிக்கும் வழி இதைப் புரிந்துகொள்வதில்தான் இருக்கிறது.

செண்பகனூரில் இருக்கும் என் பெரியம்மாவின் ஆடியோகிராமை எடுத்துக்கொள்வோம். அதை மதுரையில் எடுத்தோம். மலையிறங்கினால் காது அடைத்துக்கொள்ளும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை; அடைப்பு விட்ட பிறகு பரிசோதனைக்குப் போவது நல்லது. காதில் அழுக்கு கட்டியிருக்கிறதா என்றும் முதலில் பார்த்துவிட வேண்டும். ஆடியோகிராம் என்பது கட்டம் போட்ட ஒரு தாள். இடமிருந்து வலமாக, தடித்த ஒலியிலிருந்து கீச்சென்ற ஒலிவரை ஹெர்ட்ஸ் கணக்கில் போகும். ஒவ்வொரு ஒலியும் எவ்வளவு உரக்க இருந்தால் காதில் விழுகிறது என்பது டெசிபல் கணக்கில், மேலிருந்து கீழாக.

பெரியம்மாவுக்கு இரண்டு காதும் ஏறக்குறைய ஒன்றுதான். 500 ஹெர்ட்ஸில் 30 டெசிபல், 1000இல் 40, 2000இல் 50, 4000இல் 65. வலப்பக்கம் போகப்போகக் கோடு சரிகிறது. நான்கையும் கூட்டி நாலால் வகுத்தால் 46 சொச்சம். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கணக்கில் 35க்கும் 50க்கும் இடையில் இருந்தால் அது மிதமான குறைபாடு. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, இரண்டு காதிலும் குறைபாடு 60 டெசிபலைத் தொட்டால்தான் கணக்கில் சேர்க்கும். சான்றிதழுக்குப் பெரியம்மாவின் காது பரவாயில்லை ரகம். பேச்சுக்கு அப்படி இல்லை.

ஏன் என்று பார்ப்போம். ஆ, ஓ போன்ற உயிரொலிகளும் ம, ன போன்ற மெல்லினமும் தாளின் இடப்பக்கம் கனமாக உட்கார்ந்திருக்கும். ச, த, ட, ப என்று ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் ஒலிகள் பெரும்பாலும் வலப்பக்கம், அதுவும் மெலிசாக. காசு, காது, காடு மூன்றிலும் 'கா' பெரியம்மாவுக்கு நன்றாகவே விழும். நடுவில் வந்தது எது என்பதுதான் தெரியாது. 'பேசுறது கேக்குது, என்ன பேசுறாங்கன்னுதான் புரியல' என்று அவர் சொல்வது சாக்குப்போக்கு இல்லை. தாளில் இருப்பதை அப்படியே சொல்கிறார்.

இப்போது நாம் கத்தினால் என்ன ஆகும்? உயிரொலி நீளும், உரக்கும். மெய்யொலி அந்த அளவுக்கு உரக்காது. உப்பில்லாத சாம்பாரை இன்னும் ரெண்டு கரண்டி ஊற்றினால் உப்பு ஏறிவிடுமா? போதாததற்கு இன்னொரு வில்லங்கம். உட்காதில் பழுதானவர்களுக்கு மெல்லிய ஒலி விழாதே தவிர, உரத்த ஒலி நம்மைப் போலவே உறைக்கும், சில நேரம் கூடுதலாகவே. அதனால்தான் முதலில் 'என்ன?' என்பார், அடுத்த நிமிடம் 'ஏன் இப்படிக் கத்துற?' என்பார். இதை வைத்து எத்தனை வீட்டில் சண்டை வந்திருக்கும்!

காதுக்கருவிக்கும் சாதாரண ஆம்ப்ளிஃபையருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வருகிறது. காதுக்கருவியை ஆடியோகிராமைப் பார்த்து அமைப்பார்கள்: வலப்பக்கத்தை அதிகம் தூக்கும், உரத்த சத்தம் வந்தால் தானே அடக்கும். சட்டைப்பையில் வைக்கும் மலிவான ஆம்ப்ளிஃபையர் பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே மாதிரி தூக்கும், தட்டு கீழே விழும் சத்தம் உட்பட. ஆனாலும் அதற்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதன் மைக்கைப் பேசுபவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கலாம். தூரம் பாதியானால் ஒலி சுமார் 6 டெசிபல் கூடும். மூன்று மீட்டரிலிருந்து முக்கால் மீட்டருக்கு வந்தால் இரண்டு முறை பாதியாகிறது, ஆக 12 டெசிபல். பேச்சு கூடுகிறது, அறையின் இரைச்சல் அப்படியே இருக்கிறது. குறைந்த காதுக்கு வேண்டியது இந்த இடைவெளிதான்.

டிவியில் இதைச் செய்து பார்ப்போம். இப்போதைய தட்டை டிவிகளின் ஸ்பீக்கர் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருக்கும். வசனம் சுவரில் முட்டித்தான் நம்மிடம் வருகிறது. சத்தத்தைக் கூட்டினால் வீடே அதிரும், சீரியலின் பின்னணி இசையும் சேர்ந்து அதிரும். செட்டாப் பாக்ஸின் பின்னால் பாருங்கள். டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ ஒயர் போக, பல பாக்ஸ்களில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் துளைகள் சும்மா கிடக்கும். சிவப்பும் வெள்ளையும் ஒலி. அங்கிருந்து ஒரு ஒயர் எடுத்து, நடுவில் சத்தம் கூட்டிக் குறைக்கும் திருகு உள்ள சின்ன ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரை வைத்து, அதில் ஹெட்போனை மாட்டினால் பெரியம்மாவுக்கு வேண்டிய அளவு அவருக்கு, மற்றவர்களுக்கு டிவி வழக்கம்போல. டிவியிலேயே ஹெட்போன் மாட்டினால் பல டிவிகளில் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். வீட்டில் யாரும் விடமாட்டார்கள். ஒயரில்லாத ப்ளூடூத் வசதிதான், ஆனால் ஒலி கொஞ்சம் பிந்தி வரும். பார்ப்பவர் தன்னையறியாமல் உதட்டைப் படிப்பவர் என்றால் அந்தப் பிந்தல் பெரிய தொந்தரவு.

எழுத்தில் படிக்கலாமே என்றால், தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019இல் செவிக்குறைபாடு உள்ளவர்களுக்காக டிவி நிகழ்ச்சிகளுக்குத் தர விதிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. ஆனாலும் கேபிளில் ஓடும் தமிழ் சீரியலில் வசனம் தமிழ் எழுத்தில் வருவது அரிது. செய்தியின் அடியில் ஓடும் வரியை நம்பக் கூடாது. வாசிப்பவர் ஒன்று சொல்வார், வரி வேறொன்று சொல்லும்.

போனுக்கு வருவோம். பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். 'ஸ்' என்ற சீற்றத்தின் பெரும்பகுதி 4000க்கு மேலே. அதாவது ஏற்கெனவே வலப்பக்கம் குறைந்த காதுக்கு, ஒயரே அந்தப் பக்கத்தை வெட்டிவிட்டு மிச்சத்தைத் தருகிறது. 4ஜியில் போகும் அழைப்பு 7000 ஹெர்ட்ஸ் வரை கடத்த முடியும். வாட்ஸாப் அழைப்பும் அப்படியே, நெட் நன்றாக இருந்தால். மலைச்சரிவில் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கி அழைப்பு 2ஜிக்கு நழுவினால் பழைய கதைதான். மகன் குரல் திடீரென்று டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆனால் காதைக் குறை சொல்ல வேண்டாம், ஜன்னலோரம் போய்ப் பார்க்கலாம். வீடியோ அழைப்பு கிடைத்தால் இன்னும் நல்லது: ப-வையும் த-வையும் காது பிரிக்காவிட்டால் உதடு பிரித்துவிடும்.

இன்னொரு சின்ன விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியின் மைக் காதின் மேல்புறத்தில் இருக்கிறது. போனை வழக்கம்போலக் காதுத் துளையில் அழுத்தினால் மைக்குக்கு ஒன்றும் போகாது, கீச்சென்று விசில் வேறு அடிக்கும். போனைக் கொஞ்சம் மேலே, பின்பக்கமாகத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள்.

எழுத்தும் வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டு போனில் Live Transcribe என்ற செயலி உண்டு. கூகுள் 2019இல் வெளியிட்டது. செவிப்புலன் அற்றோருக்கான அமெரிக்காவின் கேலடெட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்தார்கள். தமிழைத் தேர்ந்தெடுத்தால் எதிரே பேசுவதைத் திரையில் எழுதிக்காட்டும். தமிழுக்கு நெட் இருக்க வேண்டும். அழைப்பு ஓடும் போனிலேயே இது ஓடாது. மைக்கை அழைப்பு பிடித்துக்கொள்ளும். ஆகவே இரண்டு போன்: ஒன்றில் அழைப்பை ஸ்பீக்கரில் போட்டு, இன்னொன்றைப் பக்கத்தில் வைத்து எழுத்தைப் படிப்பது. பேர்களிலும் எண்களிலும் அது தடுமாறும். மருந்து எத்தனை மில்லி, பஸ் எத்தனை மணி என்பதை மட்டும் எப்போதும் திருப்பிச் சொல்லி உறுதி செய்ய வேண்டும். எழுபதா எண்பதா என்ற சந்தேகத்துக்கு 'ஏழு, சைபர்' என்று ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லச் சொல்வதே மருந்து. நம் பக்கமும் ஒரு வேலை உண்டு: 'புரிஞ்சுதா?' என்று கேட்காதீர்கள், 'ஆமா' என்றுதான் பதில் வரும். 'அப்ப எத்தனை மணிக்குக் கிளம்பணும்?' என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

மூன்றிலும் கஷ்டமானது கூட்டம். பெரியம்மாவின் அன்பியக் கூட்டம் யாராவது ஒருவர் வீட்டில் நடக்கும். பத்துப் பன்னிரண்டு பேர், தகரக் கூரை. ஐப்பசி மழை தகரத்தில் இறங்கினால் நல்ல காதுக்கே பேச்சு கேட்காது. அந்த இரைச்சல் மெல்லிய மெய்யொலிகளைத்தான் முதலில் விழுங்கும். நடுவில் ஒரு போனை வைத்து Live Transcribe போட்டுவிட்டால் போதும் என்று முதலில் தோன்றும். அது பக்கத்தில் இருப்பவரை எழுதும், மூலையில் இருப்பவரை விட்டுவிடும், இருவர் சேர்ந்து பேசினால் இரண்டையும் பிசைந்து புது வாக்கியம் செய்யும்; பேசியது யார் என்றும் சொல்லாது. திரையின் மூலையில் ஒரு சின்ன வட்டம் பேச்சுக்கும் சுற்றுச் சத்தத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று காட்டும். இடைவெளி இல்லாமல் ஒட்டிவிட்டால், திரையில் வருவதை நம்பக் கூடாது.

அங்கே பலித்தது, பேசுகிறவர் கையில் மைக்கைக் கொடுப்பது. ஆம்ப்ளிஃபையரின் மைக்கை நீளமான ஒயரில் போட்டு ஒவ்வொருவராகக் கைமாற்றினார்கள். ஹெட்போன் பெரியம்மா காதில். கையில் மைக் இருப்பவரே பேசலாம் என்றானதும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேசுவது தானாகக் குறைந்தது, அதில் எல்லோருக்குமே லாபம். பெரியம்மா முதுகைச் சுவருக்குக் கொடுத்து, வெளிச்சம் பேசுபவர் முகத்தில் விழும்படி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்காருகிறார். கணக்கு வாசிக்கிற அக்கா வசூல், செலவு, அடுத்த கூட்டத் தேதி மூன்றையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி முதலிலேயே அவர் கையில் கொடுத்துவிடுகிறார். மழை வலுத்தால் பேச்சை நிறுத்திவிட்டுப் பாட்டு பாடுகிறார்கள். பாட்டு பெரியம்மாவுக்கு மனப்பாடம்.