உங்கள் ஃபைல் இப்போது யார் மேசையில்?

பாஸ்போர்ட் சேவை மையத்தில் ஏ, பி, சி என்று மூன்று கவுன்டர்களையும் தாண்டி வெளியே வரும்போது ஒரு ஒப்புகைச் சீட்டு கொடுப்பார்கள். பலர் அதை மடித்து ஃபைலுக்குள் செருகிவிட்டு, பாஸ்போர்ட் வராதபோதுதான் தேடுகிறார்கள். புதுப்பிப்பு எங்கே நிற்கிறது என்று பார்க்கத் தேவையான எண் அந்தச் சீட்டில்தான் இருக்கிறது. வீட்டிலிருந்து ஆன்லைனில் விண்ணப்பித்தபோது வந்தது விண்ணப்பக் குறிப்பு எண். சேவை மையத்தில் தருவது ஃபைல் நம்பர். ஆங்கில எழுத்துகளில் தொடங்கி, எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 15 இடங்கள். passportindia.gov.in தளத்திலோ mPassport Seva செயலியிலோ Track Application Status என்ற இடத்தில் இதையும் பிறந்த தேதியையும் கொடுத்தால் போதும். லாகின்கூட வேண்டாம்.

அங்கே வரும் ஒரு வரியை எப்படிப் படிப்பது என்பதில்தான் குழப்பம். அந்த வரி பாஸ்போர்ட் என்றைக்கு வரும் என்று சொல்லாது. ஃபைல் இப்போது யார் கையில் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். அதைப் புரிந்துகொண்டால் யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது என்ற இரண்டுக்கும் விடை கிடைத்துவிடும்.

சேவை மையத்தில் ‘சி’ கவுன்டர் அதிகாரிதான் ஃபைலின் வழியைத் தீர்மானிக்கிறார். போலீஸ் விசாரணையே தேவையில்லை என்று விடலாம். பழைய பாஸ்போர்ட் காலாவதியாகி அதிக நாள் ஆகாமல், பெயர், முகவரி எதுவும் மாறாமல், முந்தைய விசாரணை அறிக்கையும் சுத்தமாக இருந்தால் இதற்கு வாய்ப்பு உண்டு. பாஸ்போர்ட்டை முதலில் அனுப்பிவிட்டு விசாரணையைப் பிறகு வைப்பது இன்னொரு வழி. விசாரணை முடிந்த பிறகே அச்சடிப்பது மூன்றாவது வழி. வீடு மாறியவர்கள் இதில் விழ வாய்ப்பு அதிகம். “எனக்குப் போலீஸ் வெரிஃபிகேஷன் முன்னாடியா, பின்னாடியா?” என்று அந்தக் கவுன்டரிலேயே கேட்டுவிடுங்கள். அதற்கப்புறம் நீங்கள் போடும் கணக்கெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தது.

விசாரணை தேவை என்றானால் ஃபைல் நேரே உங்கள் தெரு ஸ்டேஷனுக்குப் போய்விடாது. மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து முதலில் மாவட்ட எஸ்.பி. அலுவலகத்துக்கு, நகரமானால் கமிஷனர் அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்துதான் ஸ்டேஷன். திரும்பி வருவதும் அதே படிகளில்தான். ஸ்டேஷனில் ஏட்டு விசாரித்து முடித்த அன்றைக்கே பாஸ்போர்ட் அலுவலகம் அதைப் பார்க்காது; மேலே ஒரு கையெழுத்து, அங்கிருந்து அனுப்புதல் என்று நாட்கள் போகும். “போலீஸ் வந்துட்டுப் போய் மூணு நாள் ஆச்சு, இன்னும் ஸ்டேட்டஸ் மாறலையே” என்ற பதற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் இந்த நடுப்படிதான்.

இந்தப் போலீஸ் படிக்கு வைத்திருக்கும் இலக்கு 21 நாள். சும்மா சொல்லி வைத்த எண் அல்ல. 21 நாளுக்குள் அறிக்கை கொடுத்தால் ஒரு விசாரணைக்கு 150 ரூபாய் வீதம் வெளியுறவு அமைச்சகம் மாநில அரசுக்குத் தருகிறது. தாமதமானால் தொகை குறையும். எனவே, விசாரணை தொடங்கியதாக ஸ்டேட்டஸ் காட்டும் தேதியிலிருந்து நாளை எண்ணுங்கள். சேவை மையத்துக்குப் போன தேதியிலிருந்து அல்ல. முதல் வாரத்தில் ஸ்டேஷனுக்குப் போய் நின்றால் “இன்னும் எங்களுக்கு வரலை” என்பார்கள். அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். பத்து, பன்னிரண்டு நாள் ஆகியும் போன் வரவில்லை என்றால் ஒருமுறை ஸ்டேஷனுக்குப் போய் ஃபைல் நம்பரைச் சொல்லி, பாஸ்போர்ட் விசாரணை பார்ப்பவர் யார் என்று கேட்கலாம். 21 நாள் தாண்டியும் அசைவில்லை என்றால் கேட்க வேண்டிய இடம் எஸ்.பி. அல்லது கமிஷனர் அலுவலகத்தில் பாஸ்போர்ட் விசாரணை பார்க்கும் பிரிவு. பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போனால் “போலீஸ் ரிப்போர்ட் வரலைங்க” என்ற ஒரே பதிலோடு திரும்ப வேண்டியதுதான்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். தாம்பரம் பக்கம் புதிதாக வாடகைக்குக் குடிவந்த ஐ.டி. ஊழியர் ஒருவர் மார்ச் 3-ஆம் தேதி புதிய முகவரியோடு புதுப்பிக்க விண்ணப்பிக்கிறார். முகவரி மாறியதால் விசாரணைக்குப் பிறகே பாஸ்போர்ட். 4-ஆம் தேதி கமிஷனர் அலுவலகத்துக்கு ஃபைல் போனதாக ஸ்டேட்டஸ் காட்டுகிறது. 12-ஆம் தேதி ஸ்டேஷனிலிருந்து இரண்டு முறை போன் வருகிறது. தெரியாத எண், மீட்டிங் நேரம், எடுக்கவில்லை. 14-ஆம் தேதி பகலில் போலீஸ்காரர் வீட்டுக்கே வருகிறார். வீடு பூட்டியிருக்கிறது. கீழ்வீட்டில் கேட்டால், “மாடியில யாரோ புதுசா வந்திருக்காங்க, பேர் தெரியாதுங்களே” என்கிறார்கள். அவர்கள் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் விண்ணப்பதாரர் அந்த முகவரியில் இருக்கிறார் என்று எழுத போலீஸ்காரர் கையில் இப்போது ஒன்றும் இல்லை.

24-ஆம் தேதி ஸ்டேட்டஸ் மாறுகிறது. போலீஸ் அறிக்கை வந்துவிட்டது, மண்டல அலுவலகத்தில் பரிசீலனையில் இருக்கிறது என்ற பொருளில் ஒரு வரி. நம் ஆள் மகிழ்ந்துபோய் வீட்டில் சொல்லிவிடுகிறார். ஒரு வாரம் போகிறது, இரண்டு வாரம் போகிறது, வரி மாறவே இல்லை.

அறிக்கை வந்துவிட்டது என்பது வேறு, சாதகமாக வந்தது என்பது வேறு. சாதகமான அறிக்கை, பாதகமான அறிக்கை, முழுமையடையாத அறிக்கை என்று மூன்று வகை உண்டு. ஆள் கிடைக்கவில்லை, வீடு பூட்டியிருந்தது, ஆவணம் காட்டவில்லை என்பதெல்லாம் மூன்றாவதில் சேரும். சாதகமாக வந்தால் ஃபைல் பரிசீலனையில் அதிக நாள் தங்காது; சில வேலை நாட்களில் பாஸ்போர்ட் அனுமதிக்கப்பட்டது, அச்சுக்குப் போகிறது என்று அடுத்த வரி வந்துவிடும். ‘பரிசீலனையில்’ என்ற வரியிலேயே பத்து நாளுக்கு மேல் நின்றால் அறிக்கையில் ஏதோ இடிக்கிறது என்று எடுத்துக்கொள்வதே நல்லது. பாஸ்போர்ட் அலுவலகம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பும். கடிதமும் அதே பூட்டிய வீட்டுக்குத்தான் வரும் என்பது தனிக் கூத்து.

இந்த இடத்தில் ஸ்டேஷனுக்கு ஓடிப் பயனில்லை. ஃபைல் அவர்கள் கையை விட்டுப் போய்விட்டது. மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தில் விசாரணைக்கென்று தளத்திலேயே தனியாக அப்பாயின்ட்மென்ட் எடுக்க வசதி உண்டு. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை என நான்கு மண்டல அலுவலகங்கள் இருக்கின்றன. நீங்கள் விண்ணப்பித்த மையம் எதன் கீழ் வருகிறதோ அங்கேதான் போக வேண்டும். தாம்பரத்துக்காரர் சென்னை அலுவலகத்துக்கு வாடகை ஒப்பந்தம், புதிய முகவரி உள்ள ஆதார், ஒப்புகைச் சீட்டு ஆகியவற்றோடு, இந்த முகவரியில்தான் குடியிருக்கிறேன், மறு விசாரணைக்கு அனுப்புங்கள் என்று ஒரு கடிதமும் எழுதிக்கொண்டு போகிறார். ஃபைல் மறுபடி கமிஷனர் அலுவலகத்துக்குப் போகிறது. 21 நாள் கணக்கும் மறுபடி முதலிலிருந்து.

எடுக்காமல் விட்ட இரண்டு போன்களால் ஒரு மாதத்துக்கு மேல் போய்விட்டது. விண்ணப்பத்தில் கொடுத்த எண்ணில் இந்த மூன்று வாரமும் தெரியாத அழைப்புகளை எடுத்துப் பேசுவதும், பகலில் வீட்டில் இல்லாதவர் வீட்டுக்காரரிடமும் பக்கத்து வீட்டிலும் “பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ் வருவாங்க” என்று முன்கூட்டியே சொல்லிவைப்பதும்தான் நாம் செய்யக்கூடியவை. பக்கத்து வீட்டார் இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டியும் வரலாம். விண்ணப்பத்தில் காவல் நிலையத்தைச் சரியாகக் குறிப்பிட்டோமா என்றும் பாருங்கள். புறநகர்களில் தெருவின் இந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன், அந்தப் பக்கம் வேறொன்று. தவறான ஸ்டேஷனுக்குப் போன ஃபைல் “எங்கள் எல்லை இல்லை” என்று திரும்பும்போது நாட்கள் வீணாகும். இந்த விசாரணைக்கு விண்ணப்பதாரர் எந்தக் கட்டணமும் கட்ட வேண்டியதில்லை. பெட்ரோல் செலவு, டீச் செலவு என்று யார் கேட்டாலும் அது கட்டணமாகாது.

பாதகமான அறிக்கை வேறு சங்கதி. நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவு குறுக்கே நிற்கும். இங்கே மறு விசாரணை கேட்டுப் பலனில்லை. வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் அனுமதி உத்தரவு வாங்கி வர வேண்டும். வழக்கு இருப்பதை விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. மறைத்தால் அது தனிக் குற்றமாகி நிற்கும்.

பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு விசாரணை என்ற வகையில் இருப்பவர்கள் வேறொரு தவறு செய்கிறார்கள். ஸ்பீடு போஸ்டில் புத்தகம் வந்ததும் கதை முடிந்தது என்று நினைத்து ஸ்டேஷனிலிருந்து வரும் போனைக் கண்டுகொள்வதில்லை. அறிக்கை பாதகமாகவோ முழுமையில்லாமலோ போனால் பாஸ்போர்ட் அலுவலகம் விளக்கம் கேட்கும். தேவைப்பட்டால் பாஸ்போர்ட்டை முடக்கவும் சட்டத்தில் இடமுண்டு. விமான நிலைய இமிகிரேஷன் கவுன்டரில் நின்றுகொண்டு அதைத் தெரிந்துகொள்வது யாருக்கும் வேண்டாம்.

அச்சான பிறகு ஸ்டேட்டஸில் ஸ்பீடு போஸ்ட் எண் வரும். அதற்கு மேல் கேட்க வேண்டிய இடம் தபால் அலுவலகம். தபால்காரர் அடையாள அட்டை பார்த்து உரியவரிடமே கொடுப்பார். 1800-258-1800 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசினால் பெரும்பாலும் நீங்கள் திரையில் பார்த்த அதே வரியைத்தான் படித்துக் காட்டுவார்கள். இணையம் பார்க்கத் தெரியாதவருக்கு அது உதவி. மற்றவர்களுக்குப் பெரிய லாபம் இல்லை.

பயணத் தேதி வைத்திருப்பவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. சேவை மையத்தில் புதுப்பிப்பு விண்ணப்பத்தை ஏற்கும்போது, பழைய பாஸ்போர்ட்டில் ‘ரத்து’ முத்திரை குத்தித் திருப்பிக் கொடுப்பது வழக்கம். அதில் இன்னும் எட்டு மாதம் மிச்சம் இருந்தாலும் அந்த நிமிடத்திலிருந்து அது பயணத்துக்கு உதவாது. பழைய புத்தகத்தில் காலாவதியாகாத விசா இருந்தால் மட்டும் புதியதோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்க அனுமதி இருக்கிறது. பல நாடுகள் ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட ஆறு மாதத்தில், பயணம் எதுவும் இல்லாத, நீங்கள் ஊரிலேயே இருக்கப்போகிற இரண்டு மாதமாகப் பார்த்து விண்ணப்பியுங்கள். விசாரணை ஒருமுறை திரும்பி வந்தாலும் சமாளிக்கலாம்.