அறிக்கை அட்டையின் கடைசி இரண்டு வரி

பள்ளி அறிக்கை அட்டையில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்று முதல் ஆறு வரை ஓர் அடைவுநிலை இருக்கும். வகுப்பறை மதிப்பீடு வந்த பிறகு, அந்த எண்ணுக்கு உரிய விளக்கம் பெரும்பாலும் ஆயத்த வாக்கியமாகவே அட்டையில் விழுகிறது. கணிதத்தில் மூன்றாம் நிலை பெற்றவர் அனைவருக்கும் ஒரே வாக்கியம். ஆசிரியர் தம் சொல்லால் எழுதக் கிடைப்பது கடைசியில் உள்ள வகுப்பாசிரியர் குறிப்பு மட்டுமே. அதிலும் 'நல்ல மாணவர், மேலும் முயற்சி தேவை' என்று வந்தால் அந்தப் பிள்ளையைப் பற்றி அட்டையில் எதுவுமே இல்லை.

உலு கிந்தாவில் உள்ள ஈப்போ ஆசிரியர் கல்விக் கழகத்திலோ, தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலோ படிப்பவர்கள் விரைவில் இந்தக் குறிப்புகளை எழுதப் போகிறவர்கள். எழுதி முடித்ததும் அச்சிடுவதற்கு முன் ஒரு சரிபார்ப்பு வேண்டும். இடைநிலைப்பள்ளி மாணவர்கள் தங்கள் அட்டையையே வைத்து இதைச் செய்து பார்க்கலாம்.

திரும்ப வருவதை முதலில் பிடிப்போம். அட்டை அட்டையாகப் படித்தால் அது கண்ணில் படாது. 28 பேர் கொண்ட ஒரு வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். எக்செலில் பெயரை ஒரு பத்தியிலும் குறிப்பை C பத்தியிலும் தனித்தனியே வையுங்கள். பெயர் குறிப்புக்குள் கலந்திருந்தால் ஒரே வாக்கியம்கூட வேறு வேறாகத் தெரியும். பிறகு அடுத்த பத்தியில் இதை இட்டு, கடைசி வரிசை வரை இழுத்து விடுங்கள்:

```
=SUMPRODUCT(--(LEFT(C$2:C$29,40)=LEFT(C2,40)))
```

முதல் 40 குறியீடுகள் ஒத்த குறிப்புகள் எத்தனை என்று இது சொல்லும். தமிழில் 'கு' என்பதே கணினிக்கு இரண்டு குறியீடு என்பதால், 40 என்பது ஏறத்தாழ மூன்று நான்கு சொற்கள்தான். ஒன்றுக்கு மேல் வரும் இடங்களை மட்டும் திறந்து பாருங்கள்.

முன்னாள் தோட்டப் பள்ளிகளில் இந்த வழி உதவாது. எட்டுப் பேர் வகுப்பில் ஒருவருக்கொருவர் குறிப்பு வேறுபடுத்துவது எளிது. அங்கே திரும்ப வருவது ஆண்டுக்கு ஆண்டு. இரண்டாம் ஆண்டில் எழுதிய வரியே ஐந்தாம் ஆண்டிலும் இருக்கும். பெற்றோர் பழைய அட்டைகளை எடுத்து வைத்திருப்பார்கள், ஒப்பிட்டும் பார்ப்பார்கள். ஆகவே போன முறை அட்டையைப் பக்கத்தில் வைத்துத்தான் எழுத வேண்டும்.

அடுத்தது வெற்றுப் பாராட்டு. 'எதில்?' என்று கேட்டுப் பாருங்கள். 'சிறப்பாகச் செயல்படுகிறார்' என்பதற்கு விடை இல்லை. 'புத்திசாலி' என்பதில் வேறொரு சிக்கல். 1998இல் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகளில், அறிவைப் புகழ்ந்த பிள்ளைகள் கடினமான புதிர்களில் தோற்றபின், முதலில் செய்ததைவிடக் குறைவாகவே செய்தார்கள். உழைப்பைப் புகழ்ந்தவர்கள் அப்படிச் சரியவில்லை.

மனத்தை ஒடிக்கும் சொற்களைக் கண்டுபிடிப்பதுதான் கடினம், ஏனென்றால் அவை அக்கறைபோல ஒலிக்கும். 'லெமா' என்ற மலாய்ச் சொல்லை 'பலவீனமானவர்' என்று எழுதிவிடுகிறோம். தவறிய திறன் பிள்ளையின் குணமாகிவிடுகிறது. தமிழில் ஓர் 'உம்' போதும். 'கணிதத்திலும் பின்தங்கியுள்ளார்' என்றால் எல்லாவற்றிலும் என்று பொருள். 'முயன்றால் முடியும்' என்பதை, இதுவரை முயலவில்லை என்றே பிள்ளை படிக்கும். அண்ணனோடு ஒப்பிடும் வரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஓர் எடுத்துக்காட்டு: 'கணிதத்தில் பலவீனம். கவனக்குறைவு. மேலும் முயற்சி தேவை.' இதைத் திருத்த இனிய சொல்லைத் தேடக்கூடாது. நான்காம் ஆண்டு மாணவரின் பயிற்சிப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். 34ஐ 6ஆல் பெருக்கி 204 என்று சரியாக எழுதியிருக்கிறார். '34 பெட்டிகளில் ஒவ்வொன்றிலும் 6 மாம்பழம்' என்று கேட்டபோது கூட்டி 40 என்கிறார். பெருக்கல் தெரியும், எப்போது பெருக்குவது என்பதில்தான் தடுமாற்றம். 'கவனக்குறைவு' என்பது தவறான நோயறிதல். புதிய குறிப்பு இப்படி இருக்கலாம்: 'பெருக்கலைச் சரியாகச் செய்கிறார். பிரச்சனைக் கணக்கில் கூட்டலா பெருக்கலா எனத் தேர்ந்தெடுக்க இன்னும் பழக வேண்டும். கணக்கை முதலில் படமாக வரையப் பழகி வருகிறோம். வீட்டிலும் நாளுக்கு ஒரு கணக்கு வரையச் சொல்லுங்கள்.'

இதில் அடைவுநிலை மாறவில்லை. குறையை மறைக்கவும் இல்லை. நான்காம் ஆண்டிலும் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளையைப் பற்றி 'வாசிப்பில் முன்னேறி வருகிறார்' என்று மட்டும் எழுதுவது பெற்றோரை ஏமாற்றுவது. எந்த எழுத்துகளில் தடைப்படுகிறார் என்று எழுதலாம். அதை எழுத முடியவில்லை என்றால் சரிபார்க்க வேண்டியது வாக்கியத்தை அல்ல. அந்தப் பிள்ளையை அருகே அழைத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.