அடிமனை வாடகை: பன்னிரண்டு ரூபாயின் கதை

திருக்கோயிலை வலம் வந்து மாட வீதிகளில் நடக்கும் சேவார்த்திகள், இருபுறமும் பாத்திரக் கடைகளையும் துணிக்கடைகளையும் காண்கின்றனர். இவற்றுள் பல கடைகளின் சுவரும் கூரையும் ஒருவருக்குச் சொந்தம். அவை நிற்கும் நிலமோ கோயிலுக்குச் சொந்தம். அந்நிலத்தை ‘அடிமனை’ என்றும், அதற்குரிய வாடகையை ‘அடிமனை வாடகை’ என்றும் வழங்குவர். அவ்வாடகை மிகக் குறைவாக இருப்பதையும், நிலத்தை மீட்கக் கோயில்கள் பல்லாண்டுகள் போராடுவதையும் அன்பர்கள் கேள்வியுற்றிருப்பர். இதன் காரணத்தை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காண்போம்.

ஒரு கோயில் 1951ஆம் ஆண்டில், சென்னையில் உள்ள தன் மனையில் அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி நிலத்தை, மாதம் 12 ரூபாய்க்கு ஒருவருக்கு விட்டது எனக் கொள்வோம். சந்நிதி விளக்கின் எண்ணெய்ச் செலவுக்கென்று அத்தொகை ஒதுக்கப்பட்டது. வாடகைதாரர் தம் செலவில் ஓட்டுக் கட்டடம் எழுப்பினார். பின்னர் அது மாடிக் கட்டடமாயிற்று. அவர் மறைந்தபின் மக்கள் முன்பகுதியை இரண்டு கடைகளாகத் தடுத்து, ஒவ்வொன்றையும் 8,000 ரூபாய்க்கு உள்வாடகைக்கு விட்டனர். கோயிலுக்கு வருவதோ, இருமுறை உயர்த்தப்பட்டபின் மாதம் 40 ரூபாய். ஒரு தேங்காய் வாங்கவும் அத்தொகை போதாமற்போகும் நாள் வந்துவிட்டது. நிலத்துக்கு உரியவருக்கு 40 ரூபாய். இடையில் இருப்பவருக்கு 16,000 ரூபாய்.

அப்படியானால் கோயில் நிர்வாகம் முன்பே வழக்குத் தொடுத்து நிலத்தை மீட்டிருக்கக் கூடாதா என்ற வினா எழும். வழக்குத் தொடுப்பதே நிலத்தை இழக்கும் வழியாக ஒரு காலத்தில் இருந்தது என்பதே விடை. பிறர் நிலத்தில் நம்பிக்கையோடு வீடு கட்டிக் குடியிருந்த ஏழை மக்கள் திடீரென வெளியேற்றப்படுவதைத் தடுக்க, 1921ஆம் ஆண்டில் சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னாளில் அது வேறு நகரங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அச்சட்டத்தின்படி, வெளியேற்றப்படும் வாடகைதாரருக்கு அவர் கட்டிய கட்டடத்தின் மதிப்பை நில உரிமையாளர் ஈடாகத் தரவேண்டும். அதன் 9ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே சென்றது. வெளியேற்ற வழக்கின் அழைப்பாணை கிடைத்த ஒரு மாதத்துக்குள், அந்நிலத்தைத் தமக்கே விற்குமாறு உரிமையாளருக்கு ஆணையிட வேண்டும் என்று வாடகைதாரர் நீதிமன்றத்தை வேண்டலாம். விலையை நீதிமன்றம் நிர்ணயிக்கும், தவணையிலும் செலுத்தலாம். ஆகவே, நிலத்தைக் கேட்டு வழக்கிட்ட கோயில், வழக்கின் முடிவில் நிலத்தையே விற்க நேரிடக்கூடும். இந்த அச்சத்தினால் பல உரிமையாளர்கள் கிடைத்த சிறு வாடகையைப் பெற்றுக்கொண்டு வாளாவிருந்தனர். 1996ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமே சமய நிறுவனங்களின் நிலங்களுக்கு இதிலிருந்து விலக்களித்தது.

கோயிலே கட்டிய கடைகளின் நிலை வேறு. அவற்றுக்கு 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தடையாக இருந்தது. 1976ஆம் ஆண்டின் அரசாணை, சமய அறநிலையங்களின் கட்டடங்களை அச்சட்டத்தினின்று விலக்கியது. பின்னர் உச்ச நீதிமன்றமும் அவ்விலக்கு செல்லும் எனத் தீர்ப்பளித்தது. 

சட்டத்தின் கதவுகள் திறந்தபின்னரும் தடை நீங்கவில்லை. முதலாவது தடை ஆவணம். நம் எடுத்துக்காட்டில் 1951ஆம் ஆண்டின் குத்தகைப் பத்திரம் கோயிலில் இல்லை. வாடகை வசூல் பேரேட்டில் மறைந்தவரின் பெயரே நீடிக்கிறது. இறந்தவர் பெயருக்கு அனுப்பிய அறிவிப்பு செல்லாது. ஆகவே வாரிசுகள் யாவர், உள்வாடகைக்கு இருப்போர் யாவர் என்று முதலில் கண்டறிய வேண்டும். அறநிலையச் சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி பேணவேண்டிய சொத்துப் பதிவேட்டிலும் நகர நில அளவைப் பதிவேட்டிலும் மனையின் எண்ணும் பரப்பும் ஒத்திருக்க வேண்டும். ஒத்திராவிடில், ‘இது வேறு மனை’ என்னும் ஒரு சொல்லே வழக்கைப் பல்லாண்டுகள் நீட்டிவிடும்.

இரண்டாவது தடை, மணியார்டரில் வரும் அந்த 40 ரூபாய். குத்தகைக் காலம் முடிந்தபின்னும் வாடகையென்று பெற்றுக்கொண்டால், குத்தகை மாதந்தோறும் புதுப்பிக்கப்பட்டதாக வாதிடச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 116ஆம் பிரிவு இடம் தருகிறது. வாங்க மறுத்தாலோ கோயிலுக்கு வருவாய் இல்லை. ஆதலால் அனுபவமுள்ள செயல் அலுவலர், ‘இது வாடகையன்று, இடத்தைப் பயன்படுத்துவதற்கான இழப்பீடு, கோயிலின் உரிமைகளுக்கு இதனால் பாதகமில்லை’ என்று எழுத்தில் தெரிவித்துவிட்டே வரவு வைப்பார். ஓர் எழுத்தர் வழக்கம்போல் ‘வாடகை’ என்று பற்றுச்சீட்டு எழுதிவிட்டால், அச்சீட்டே எதிர்த்தரப்பின் சான்றாகிவிடும்.

இன்றைய நடைமுறை இரு படிகளாக அமைகிறது. முதற்படி, 34-ஏ பிரிவின்படி நியாய வாடகை நிர்ணயித்தல். இணை ஆணையர், கோயிலின் செயல் அலுவலர் அல்லது அறங்காவலர், மாவட்டப் பதிவாளர் ஆகியோர் அடங்கிய குழு, சந்தை நிலவரத்தைக் கருதி வாடகையை நிர்ணயிக்கும். மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை அது திருத்தப்படும். உடன்படாதவர் 30 நாளுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம்; அதன்பின் உயர் நீதிமன்றம் செல்லலாம். நம் எடுத்துக்காட்டில் 9,000 ரூபாய் நிர்ணயிக்கப்பட்டதாகக் கொண்டால், வாரிசுகள் அதை ஏற்றுச் செலுத்தி முறையான வாடகைதாரராகத் தொடர வாய்ப்புண்டு. செலுத்தாவிடில் நிலுவைக்காகக் குத்தகை முறிக்கப்படும்.

இரண்டாவது படி 78ஆம் பிரிவு. குத்தகை முடிந்தபின்னும் அல்லது முறிக்கப்பட்டபின்னும் இடத்தை விடாதவர் ஆக்கிரமிப்பாளர் ஆவார். உதவி ஆணையர் அறிக்கை அளிப்பார்; இணை ஆணையர் காரணம் கேட்டு, விசாரணை நடத்தி ஆணையிடுவார். உரிமையியல் வழக்கைவிட இது குறுகிய வழியே. எனினும் சீராய்வும் உயர் நீதிமன்றத் தடையாணையும் இதன் ஒவ்வொரு கட்டத்திலும் குறுக்கிடக்கூடும். விசாரணையை ஒழுங்காக நடத்தாமலோ உள்வாடகையாளரைக் கேளாமலோ பிறப்பித்த ஆணை, மீண்டும் தொடக்கத்துக்கே திரும்பிவிடும்.

மறுபுறமும் நியாயம் உண்டு என்பதை மறத்தலாகாது. எழுபதாண்டுகள் அவ்வீட்டில் வாழ்ந்த குடும்பத்துக்கு அதுவே ஊரும் உறவும். தாத்தா கட்டிய சுவர் தமதென்று அவர்கள் எண்ணுவது இயல்பு. அவர்களுள் பலர் உள்வாடகை பெறாமல், தாமே சிறு கடை வைத்துப் பிழைப்போர். திடீரென 40 ரூபாய் 9,000 ரூபாயானால் அவர்கள் நிலைகுலைவர். மூன்றாண்டுக்கொருமுறை சிறிது சிறிதாக உயர்த்தியிருந்தால் இந்தப் பெரும்பாய்ச்சல் தேவைப்பட்டிராது. ஐம்பதாண்டுப் பாராமுகத்தின் சுமை ஒரே தலைமுறையின் தலையில் விழுகிறது.

சேவார்த்திகளுள் எவரேனும் மாட வீதியில் கடை எடுக்கவோ வீடு வாங்கவோ எண்ணினால் ஒன்றை நினைவிற் கொள்க. விற்பனைப் பத்திரத்தில் ‘கட்டடம் மட்டும்’ என்றிருந்தால் நிலம் விற்கப்படவில்லை என்பதே பொருள். பணம் கொடுக்குமுன், நகர நில அளவைப் பதிவேட்டில் மனை யார் பெயரில் உள்ளது என்று பார்த்து, கோயில் அலுவலகத்திலும் எழுத்து மூலம் கேட்டறிதல் வேண்டும். கோயிலின் ஒப்புதலின்றி நடைபெறும் கைமாற்றம் வாங்கியவரை வாடகைதாரர் ஆக்காது. ஆக்கிரமிப்பாளர் என்றே ஆக்கும். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்துவிட்டு வெறும் சுவர்களை வாங்கியவராய் நிற்கும் நிலை எவருக்கும் வரவேண்டாம்.