காபி, இதயம், கல்லீரல்: ஆய்வுச் செய்தியைப் படிக்கும் விதம்

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவன ஆய்வாளர்கள் 2012-இல் ஒரு பெரிய கணக்கை வெளியிட்டார்கள். 50 முதல் 71 வயதுக்குட்பட்ட சுமார் 4 லட்சம் பேரிடம் 1995-96இல் உணவுப் பழக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, 2008 வரை அவர்களில் யார் இறந்தார்கள், எதனால் இறந்தார்கள் என்று தொடர்ந்து பார்த்திருந்தார்கள். வயதை மட்டும் சரிக்கட்டிப் பார்த்தபோது, காபி குடித்தவர்கள்தான் அதிகமாக இறந்திருந்தார்கள். அடுத்து புகைப்பழக்கத்தையும் பிற பழக்கங்களையும் கணக்கில் சேர்த்தார்கள். முடிவு தலைகீழாக மாறியது. நாளுக்கு 4, 5 கப் குடித்த ஆண்களில் இறப்பு 12 சதவீதமும் பெண்களில் 16 சதவீதமும் குறைவாக இருந்தது.

காரணம் எளியது. அந்த ஆய்வில் நிறையக் காபி குடித்தவர்கள் நிறையப் புகைத்தவர்களாகவும் இருந்தார்கள். சிகரெட் செய்த கெடுதல் காபியின் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. பழைய காலத்தில் “காபி இதயத்துக்குக் கேடு” என்று வந்த பல செய்திகளுக்குப் பின்னால் இந்தக் குழப்பம் இருந்தது.

ஆனால் இதே குழப்பம் எதிர்த் திசையிலும் நடக்கும் என்பதைக் காபிப் பிரியர்கள் கவனிக்க வேண்டும். உடம்பு சரியில்லாமல் போனவர்கள், நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வரவில்லை என்று முதலில் விடுவது காபியைத்தான். அவர்கள் “காபி குடிக்காதவர்” பட்டியலில் போய்ச் சேரும்போது அந்தப் பட்டியலில் நோயாளிகள் கூடுகிறார்கள்; குடிப்பவர்கள் தாமாகவே ஆரோக்கியமாகத் தெரிகிறார்கள். இதைச் சோதிக்க டென்மார்க்கில் ஒரு வழி பிடித்தார்கள். காபியை அதிகம் நாட வைக்கும் சில மரபணுக்கள் பிறவியிலேயே அமைந்துவிடுகின்றன. நோய் வந்ததால் அவை மாறுவதில்லை. அந்த மரபணு உள்ளவர்களை எடுத்து 2016-இல் ஒப்பிட்டபோது, இதயநோயிலோ இறப்பிலோ கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. ஆகவே “காபி ஆயுளைக் கூட்டும்” என்பதைவிட, “அளவாகக் குடிக்கும் காபி ஆயுளைக் குறைப்பதாகத் தெரியவில்லை” என்பதே நியாயமான வாசகம் என்று நினைக்கிறேன்.

கல்லீரலில் மட்டும் சேதி வேறு

காபி பற்றிய ஆய்வுகளில் ஓரளவு உறுதியோடு பேசக்கூடிய இடம் கல்லீரல். கலிபோர்னியாவில் ஆர்தர் கிளாட்ஸ்கி என்ற இதய மருத்துவரின் குழு, ஒரு பெரிய மருத்துவ அமைப்பில் பதிவு செய்திருந்த 1,25,580 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து, 2006-இல் முடிவுகளைச் சொன்னது. மதுவால் வரும் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிச் சுருங்கிப்போகும் நோய், காபி குடித்தவர்களுக்குக் குறைவாக வந்தது. ஒவ்வொரு கப்புக்கும் சராசரியாக 22 சதவீதம் குறைவு. மதுவைச் சாராத சிரோசிஸில் அந்த ஆய்வு இப்படி ஒரு தொடர்பைக் காணவில்லை.

பிறகு பல நாடுகளில் இதேபோன்ற முடிவுகள் வந்தன. 2021-இல் பிரிட்டனில் 4,94,585 பேரை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், காபி குடித்தவர்களுக்கு நாள்பட்ட கல்லீரல் நோய் 21 சதவீதமும், அதனால் வரும் இறப்பு 49 சதவீதமும் குறைவாக இருந்தன. இன்ஸ்டன்ட் காபி, அரைத்த தூளில் போட்ட காபி, கஃபீன் நீக்கிய காபி மூன்றிலுமே பயன் தெரிந்தது. அப்படியானால் வேலை செய்வது கஃபீன் மட்டுமல்ல. கல்லீரலில் தழும்புத் திசுவை உண்டாக்கும் செல்களைக் கஃபீன் அடக்குகிறது என்பதற்குச் சோதனைச்சாலைச் சான்று உண்டு. காபிக்கொட்டையிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் போன்ற பிற பொருள்களுக்கும் பங்கு இருக்கலாம்.

49 சதவீதம் என்றால் எத்தனை பேர்?

தினமும் காபி குடிப்பவர் கற்றுக்கொள்ள வேண்டிய முக்கியமான கணக்கு இதுதான். “இறப்பு பாதியாகக் குறைந்தது” என்று படித்ததும் நம் மனம் தானாகவே ஒரு பெரிய எண்ணைக் கற்பனை செய்துகொள்கிறது. அந்தப் பிரிட்டன் ஆய்வில் 11 ஆண்டுகளில் கல்லீரல் நோயால் இறந்தவர்கள் மொத்தம் 301 பேர். கிட்டத்தட்ட 5 லட்சம் பேரில் 301 என்றால் 10,000 பேருக்குச் சுமார் 6. பங்கேற்றவர்களில் ஐந்தில் நான்கு பேர் காபி குடித்தவர்கள். இதை வைத்துத் தோராயமாகக் கணக்குப் போட்டால், காபி குடிக்காத 10,000 பேரில் 10 பேரும், குடித்த 10,000 பேரில் 5 பேரும் இறந்திருக்கிறார்கள் என்று வரும். 10-க்கு 5 பாதிதான். ஆனால் 10,000 பேரில் 9,990 பேருக்கு, காபி குடித்தாலும் குடிக்காவிட்டாலும், கல்லீரல் நோயால் அந்த 11 ஆண்டுகளில் மரணம் இல்லை.

இந்தக் கணக்கு யாருக்கு மாறும்? ஏற்கெனவே கல்லீரலுக்கு ஆபத்து உள்ளவர்களுக்கு. நாள்பட்ட ஹெபடைடிஸ், சர்க்கரை நோயோடு ஃபேட்டி லிவர், நெடுநாள் மதுப்பழக்கம் உள்ளவர்களுக்கு அடிப்படை ஆபத்தே பல மடங்கு அதிகம். அதே சதவீதம் அவர்களுக்குப் பொருந்துமானால், பலன் பெறும் ஆட்களின் எண்ணிக்கையும் அதிகம். ஆனால் மது குடிப்பவருக்குக் காபி பரிகாரம் ஆகாது. மதுவை நிறுத்துவதன் பலனுக்குப் பக்கத்தில்கூட காபியின் பலன் வராது.

இதயத்துக்கு வடிகட்டல் முக்கியம்

நார்வேயின் ட்ரோம்சோ நகரில் நடந்த ஆய்வு ஒன்று 1983-இல் காபி அதிகம் குடிப்பவர்களுக்கு ரத்தக் கொழுப்பு அதிகம் இருப்பதைக் காட்டியது. மற்ற நாடுகளில் அவ்வளவு தெளிவாகத் தெரியாத விஷயம் அங்கே ஏன் தெரிந்தது? வட நார்வேயில் தூளை நீரில் போட்டுக் கொதிக்கவைத்து, வடிகட்டாமல் ஊற்றிக் குடிக்கும் வழக்கம் இருந்தது. காபிக்கொட்டையின் எண்ணெயில் கஃபெஸ்டால் என்ற பொருள் இருக்கிறது, அது எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பை உயர்த்துகிறது. காகித வடிகட்டி அந்த எண்ணெயைப் பிடித்துக்கொள்கிறது; கொதிக்கவைத்த காபியில் அது அப்படியே கோப்பைக்கு வருகிறது. 2020-இல் நார்வேயில் 5 லட்சம் பேரின் 20 ஆண்டுத் தகவலைப் பார்த்தபோதும், காகிதத்தில் வடித்த காபி குடித்தவர்களின் இறப்பு விகிதமே குறைவாக இருந்தது.

நம் வீட்டு எவர்சில்வர் பில்டரின் துளைகள் காகிதத்தைப் போல எண்ணெயைப் பிடிக்காது. ஆனால் அழுத்தி வைத்த தூளின் அடுக்கே ஒரு பகுதியைத் தடுத்து நிறுத்தும். ஆகவே நம் டிகாஷனைக் கொதித்த காபிக்கும் காகிதத்தில் வடித்த காபிக்கும் நடுவில் வைத்துக் கொள்ளலாம். எல்.டி.எல். அதிகமாக உள்ளவர்கள், மருந்தை மாற்றாமல், இரண்டு மாதம் இன்ஸ்டன்ட் காபிக்கோ காகித வடிகட்டிக்கோ மாறி, பிறகு ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்ல சோதனை. இன்ஸ்டன்ட் காபியில் கஃபெஸ்டால் மிகச் சொற்பம்.

படபடப்பு பற்றியும் நல்ல சான்று கிடைத்திருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் 100 பேருக்கு இன்று காபி குடி, இன்று குடிக்காதே என்று குலுக்கல் முறையில் தினமும் குறுஞ்செய்தி அனுப்பி, உடம்பில் ஒட்டிய கருவியால் இதயத்துடிப்பைப் பதிவு செய்தார்கள்; முடிவு 2023-இல் வெளியானது. இதயத்தின் மேலறைகளில் எழும் கூடுதல் துடிப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கீழறைகளில் எழும் கூடுதல் துடிப்பு நாளுக்கு 102-லிருந்து 154 ஆனது. காபி நாள்களில் சுமார் ஆயிரம் காலடிகள் அதிகம் நடந்தார்கள். 36 நிமிடம் குறைவாகத் தூங்கினார்கள். என்னைப் பொறுத்தவரை இதில் கவலைப்பட வேண்டிய எண் அந்த 36 நிமிடம்தான். தூக்கக் குறைவு ரத்த அழுத்தத்தையும் எடையையும் தொடுகிறது. தலைப்புச் செய்திகளில் அது வருவதே இல்லை.

நம் டம்ளரை ஆய்வின் கப்போடு ஒப்பிட்டால்

52 வயதான ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்று வந்திருக்கிறது. நாளுக்கு நாலு டம்ளர் காபி. “கல்லீரலுக்குக் காபி நல்லது” என்று படித்து நிம்மதி அடைகிறார். அவர் டம்ளருக்குள் என்ன இருக்கிறது?

தூளில் சிக்கரி. காபி-சிக்கரிக் கலவையில் 49 சதவீதம் வரை சிக்கரி சேர்க்க நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது. பாக்கெட்டில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். மேலே சொன்ன ஆய்வுகள் பேசுவது காபியைப் பற்றி. பாதி சிக்கரியான டிகாஷனில், பாலுக்குக் கொஞ்சமாகக் கலந்த நாலு டம்ளர், ஆய்வில் வரும் நாலு கப் ஆகாது.

அடுத்தது சர்க்கரை. டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் என்றால் நாளுக்கு எட்டு ஸ்பூன், ஏறத்தாழ 35 கிராம். டம்ளருக்கு 100 மில்லி என்று பச்சைப் பாக்கெட் பால் 400 மில்லி. அதில் கொழுப்பு 4.5 சதவீதம், ஆக 18 கிராம். அதில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கும் ஒருவர் காபியின் பெயரில் அதற்குத் தீனியையும் சேர்த்து ஊற்றுகிறார். அமெரிக்காவில் 2025-இல் வெளியான ஓர் ஆய்வில், சர்க்கரையும் நிறைவுற்ற கொழுப்பும் இல்லாத, அல்லது மிகக் குறைவாகச் சேர்த்த காபிக்குத்தான் இறப்புக் குறைவோடு தொடர்பு தெரிந்தது. இரண்டையும் தாராளமாகச் சேர்த்த காபிக்குத் தெரியவில்லை.

இவருக்கு நான் சொல்வது: டம்ளர்களை மூன்றாக்குங்கள், கடைசி டம்ளர் மதியம் இரண்டு மணிக்குள் முடியட்டும், ஏனெனில் குடித்த கஃபீனில் பாதி கரையவே பெரியவர்களுக்குச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். சர்க்கரையை வாரத்துக்குக் கால் ஸ்பூன் வீதம் குறைத்தால் நாக்கு பழகிவிடும். நீலப் பாக்கெட் பாலுக்கு மாறி, டிகாஷனைக் கூட்டிப் பாலைக் குறைக்கலாம். சிக்கரி குறைந்த தூளை வாங்கலாம்.

சிலர் தனியாகக் கவனிக்க வேண்டியவை

கர்ப்பிணிகளின் உடலில் கஃபீன் மிக மெதுவாகவே வெளியேறும். நாளுக்கு 200 மில்லிகிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம். ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு காபி குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து சரியாக உடம்பில் சேராது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, டீ வேண்டாம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2024 வழிகாட்டுதல். தைராய்டு மாத்திரையைக் காபியோடு விழுங்குவது நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. அப்படி விழுங்கினால் மருந்து முழுமையாக உடலில் சேராது. பரிசோதனையில் டி.எஸ்.எச். அளவு ஏறிக்கொண்டே போகும், மாத்திரையின் வீரியமும் வீணாக உயர்த்தப்படும். தண்ணீரோடு மாத்திரை, குறைந்தது அரைமணி நேரம் கழித்துக் காபி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காபி பழக்கம் இல்லாதவர்கள் கல்லீரலுக்காக இனித் தொடங்க வேண்டியதில்லை. ஃபேட்டி லிவர் என்று சொல்லப்பட்டவர்கள் காபிச் செய்தியோடு நின்றுவிடாமல், தம் மருத்துவரிடம் ‘ஃபிப்-4’ கணக்கைப் பார்க்கச் சொல்லட்டும். வயது, ரத்தத்திலுள்ள இரண்டு கல்லீரல் நொதிகள், பிளேட்லெட் எண்ணிக்கை, இந்த நான்கை வைத்தே கல்லீரலில் தழும்பு விழத் தொடங்கியிருக்க வாய்ப்பு உண்டா, மேற்கொண்டு ஃபைப்ரோஸ்கேன் தேவையா என்று அவர் சொல்லிவிடுவார்.